எட்டு மணிக்கு மேல்

பண்டமாரானில் என் வயதுக்காரர்களில் பள்ளிப் பருவத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யாதவர்கள் குறைவு. அவசரகாலத்தில் சீனர்களைக் குடியமர்த்திய புதுக்கிராமம் ஒரு பக்கம், துறைமுகத்தை நம்பிய எங்கள் வீடுகள் ஒரு பக்கம். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். கப்பல் வந்தால் காசு, வராவிட்டால் கடன். பள்ளி முடிந்து வந்த பிள்ளை இரண்டு மணி நேரம் எங்கேயாவது போய் நாலு காசு கொண்டுவந்தால், அதை யாரும் சாதனை என்றோ கொடுமை என்றோ பேசவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை.

1986-இல் நான் படிவம் ஐந்து. புதுக்கிராமத்துக்குள் ஒரு சீனர் மளிகைக் கடையில் மாலை வேலை பார்த்தேன். மூன்றரைக்குப் போனால் ஆறரைக்கு வீடு. அரிசியைப் பையில் போட்டு நிறுப்பது, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுப்பது, முட்டைத் தட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வருவது. மாதம் அறுபது வெள்ளி. அந்தப் பணம் எங்கே போனது என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியும். பேருந்துக் காசு, பயிற்சி நூல்கள், எஸ்பிஎம் தேர்வுக் கட்டணம். அப்போது தேர்வு எழுதவே பணம் கட்ட வேண்டும். வேலை செய்ததால்தான் நான் பள்ளியில் இருந்தேன்.

கடை எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரியது 555 நோட்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்தை அந்தக் காலத்து மலேசியர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடன் சொல்லிச் சாமான் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு. தவுக்கே முதலில் என்னை அரிசி மூட்டைப் பக்கம்தான் விட்டார். பல மாதம் பார்த்த பிறகு ஒரு நாள் நோட்டைக் கையில் கொடுத்தார். அதில் எங்கள் வீட்டு நோட்டும் இருந்தது. மாதக் கடைசியில், என் அப்பா வயதுள்ள ஒருவரிடம் அவர் பாக்கி எவ்வளவு என்று அவர் மானம் போகாமல் சொல்ல வேண்டும். அதே நேரம் கணக்கில் ஒரு காசு குறையக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் பழக்கத்தை எந்தப் பாடநூலும் எனக்குத் தரவில்லை. வாடிக்கையாளர்கள் ஹொக்கியேனில் கேட்பார்கள், நான் மலாயில் பதில் சொல்லி, பிறகு மெல்ல மெல்ல ஹொக்கியேனிலேயே எண்ணப் பழகினேன்.

சம்பளத்தை அம்மா கையில் கொடுப்பேன். அதில் பத்து வெள்ளியை அம்மா திருப்பித் தருவார். "இது ஒன் காசு, இதுக்குக் கணக்குக் கேக்க மாட்டேன்" என்பார். சுதந்திரம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தப் பத்து வெள்ளியைத்தான் சொல்வேன். அறுபதையும் நானே வைத்துக்கொண்டிருந்தால் அந்த உணர்வு வந்திருக்காது. வீட்டுச் செலவில் என் பங்கு போனபின் மிஞ்சியது என்பதால்தான் அது என்னுடையதாக இருந்தது.

இந்த நினைவுகளைச் சொல்லி, 'அந்தக் காலத்துப் பிள்ளைகள் உழைத்துக்கொண்டே படித்தார்கள்' என்று பெருமைப்பட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. காரணம், எங்கள் வரிசையில் என்னோடு படித்த இன்னொருவன். அவன் படிவம் இரண்டிலேயே லாரி கெலிண்டானாகப் போக ஆரம்பித்தான். துறைமுகத்திலிருந்து இரவில் கிளம்பும் லாரி, விடியற்காலையில் திரும்பும். வாரத்தில் இரண்டு நாள், பிறகு மூன்று நாள். கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். படிவம் மூன்றில் எஸ்ஆர்பி தேர்வு வந்தது. அது ஒரு வாசல். தேறினால் படிவம் நான்கு, தேறாவிட்டால் வெளியே. அவன் வெளியே போனான். அவனும் நானும் ஒரே தெரு, ஒரே மாதிரி வறுமை, ஒரே வகுப்பு. வேறுபட்டது வேலை நேரம் மட்டும்தான். என் கடை ஆறரை மணிக்குப் பலகை போட்டுவிடும். அவன் லாரி அந்த நேரத்துக்குப் பிறகுதான் கிளம்பும்.

பின்னாளில் நான் கிள்ளான் வட்டாரத்தில் இடைநிலைப் பள்ளி ஆசிரியரானேன். அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். வருகைப் பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகு என் பிள்ளைப் பருவத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. என்னைக் காப்பாற்றியது என் ஒழுக்கமும் இல்லை, சட்டமும் இல்லை. சிறுவர் மற்றும் இளையோர் வேலைச் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. ஆனால் அன்று அது பதினாறு வயது வரைதான் பேசியது. பதினேழு வயதில் கடைக்குப் போன என்னைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. ஊரே சீக்கிரம் கடையை மூடியதுதான் என் படிப்புக்குக் காவலாக இருந்தது. இரவில் பையன்களுக்குக் கொடுக்கக் கடைகளில் வேலை இல்லை. லாரி மாதிரி ஒன்றிரண்டு தொழில்களுக்குத்தான் இரவு தேவைப்பட்டது. அதில் போனவர்கள் படிப்பை இழந்தார்கள்.

எங்களுக்கு முந்திய தலைமுறைக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாருமாக நின்றது. பால்மரத்துக் காட்டில் பெற்றோருக்குக் கைகொடுக்கப் பிள்ளைகள் காலையில் போனார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளத்தோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் இருந்தது. அந்தப் போராட்டத்தைத் துருப்புகளைக் கொண்டு அடக்கினார்கள். அரைவயிற்றுக் கூலிக்காரர்கள் கூலி உயர்வோடு பிள்ளையின் படிப்பையும் ஒரே தாளில் எழுதிக் கேட்ட ஊர் இது. அதை நான் மறக்க விரும்பவில்லை.

இப்போது அதே ஊரில் என்ன நடக்கிறது?

எங்களை வேலைக்குத் துரத்திய செலவுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. பாடநூல் கடனுதவித் திட்டம் 2008 முதல் வருமானம் பாராமல் எல்லாருக்கும் கிடைக்கிறது. 2012-இல் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. எஸ்பிஎம் எழுதக் கட்டணம் கிடையாது. பள்ளியில் இருப்பதற்காக வேலை செய்ய வேண்டிய தேவை, பெரும்பாலான வீடுகளில், இன்று இல்லை. ஆனால் வேலை பார்க்கும் பிள்ளைகளின் மணிக்கணக்கு குறையவில்லை. நான் வாரத்தில் பதினைந்து, பதினெட்டு மணி நேரம் கடையில் நின்றேன். கடைசி ஆண்டுகளில் என் வகுப்பில் வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை செய்த பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் ஊரின் கடிகாரம் மாறிவிட்டது. 2007-இல் புக்கிட் திங்கியில் பெரிய பேரங்காடி திறந்தது. அதைச் சுற்றி உணவகங்கள், கைப்பேசிக் கடைகள், கார் கழுவுமிடங்கள். பேரங்காடி இரவு பத்து வரை, மாமாக் கடை விடிய விடிய. இந்தக் கடைகளுக்கு ஆள் பற்றாக்குறை இரவில்தான் வருகிறது. மதியம் கூட்டமில்லை, ஏழு மணிக்கு மேல்தான் மேசை துடைக்கவும் தண்ணீர் கலக்கவும் ஆள் வேண்டும். அந்த நேரத்துக்கு மலிவாகக் கிடைப்பவன் பள்ளி மாணவன். அன்று லாரி ஒன்றுக்கு மட்டும் தேவைப்பட்ட இரவு வேலை இன்று ஊருக்கே பொதுவாகிவிட்டது.

இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் 2021-இலும், படிவம் மூன்றின் பிடி3 அதற்கடுத்த ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. சின்னப் பிள்ளைகளின் தலையிலிருந்து தேர்வுப் பாரம் இறங்கியது நல்லதுதான். ஆனால் என் நண்பன் படிப்பில் பின்வாங்கியது எஸ்ஆர்பி முடிவு வந்த அன்று ஊருக்கே தெரிந்தது. அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்கு எஸ்பிஎம் வரை வேறு பொதுத்தேர்வு இல்லாமல் போனது. படிவம் மூன்றில் சரிய ஆரம்பித்தவன் படிவம் ஐந்தின் கடைசியில்தான் பிடிபடுகிறான். அதற்குள் இரண்டு ஆண்டு போயிருக்கும்.

ஒருவனின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பையன், பதினாறு வயது, படிவம் நான்கு. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை ஓர் உணவகத்தில் வேலை. மணிக்கு ஆறு வெள்ளி, ரொக்கமாக. காலையில் ஆறு மணிக்கு எழுந்தால்தான் ஏழரைக்குப் பள்ளி. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பள்ளி விடும். வீடு வந்து சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் நாலரை. பதினொன்றுக்குக் கடை முடிந்தாலும் மேசைகளைக் கவிழ்த்து, தரையைக் கழுவிவிட்டு வீடு வரப் பதினொன்றரை தாண்டும். குளித்து, கைப்பேசியைக் கொஞ்சம் பார்த்துப் படுத்தால் பன்னிரண்டரை. பாடப் புத்தகத்துக்கு இந்த நாளில் எங்கே இடம் என்று நான் அவனைக் கேட்டேன்.

"சனி ஞாயிறு படிப்பேன் மாமா" என்றான்.

சனி ஞாயிறு தூங்குகிறான் என்று அவன் அம்மா சொன்னார். பொய் சொல்லும் பையன் இல்லை அவன். உடம்பு கேட்கும் தூக்கத்தை அது வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

"எட்டு மணிக்கே வந்துடுறேன்னு மொதலாளிகிட்ட கேட்டுப் பாரேன்" என்றேன்.

"எட்டு மணிக்குத்தான் மாமா கடையில கூட்டமே வரும்."

எட்டு என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. அதே 1966-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு இன்று பதினெட்டு வயது முடியும் வரை பொருந்துகிறது. பதினைந்திலிருந்து பதினெட்டுக்கு உட்பட்டவர்களைப் பொதுவாக இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை வேலை வாங்கக்கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்கக்கூடாது. இடையில் அரை மணி ஓய்வு வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க இடையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். நாளுக்கு ஏழு மணி நேரம்தான் உச்சம். பள்ளிக்குப் போகிறவன் என்றால் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து எட்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

அந்தக் கடைசி விதியை இந்தப் பையன்மேல் வைத்துப் பாருங்கள். பள்ளி ஆறு மணி நாற்பது நிமிடம். எட்டில் அதைக் கழித்தால் மிச்சம் ஒரு மணி இருபது நிமிடம். பள்ளி நாளில் அவன் சட்டப்படி செய்யக்கூடிய வேலை அவ்வளவுதான். அவன் செய்வது ஆறு மணி நேரம், அதில் மூன்று மணி எட்டுக்கு மேல். ஒரு மணி இருபது நிமிடத்துக்காக எந்த உணவகமும் ஆள் எடுக்காது. சட்டம் அதை நேராகச் சொல்லாவிட்டாலும் அதன் கணக்கு சொல்கிறது: மாணவனின் வேலை வாரக் கடைசிக்கும் பள்ளி விடுமுறைக்கும் உரியது.

பணக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். அவனுக்கு அதுதான் பிடித்தது. வாரம் முப்பது மணி நேரம், மணிக்கு ஆறு வெள்ளி, 180 வெள்ளி. நான்கு வாரத்துக்கு 720. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கும் அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அது பொருந்தும். சனியும் ஞாயிறும் நாளுக்கு ஏழு மணி நேரம், மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை, இடையில் இரண்டு அரை மணி ஓய்வோடு வேலை செய்தால் ஒரு நாளைக்கு 61 வெள்ளி 4 காசு. நான்கு வாரத்துக்கு 488 வெள்ளி 32 காசு. அதற்கு அவன் கொடுப்பது 56 மணி நேரம். இப்போது கொடுப்பது 120 மணி நேரம். அதாவது கூடுதலாக 64 மணி நேரம் கொடுத்துக் கூடுதலாக வாங்குவது 231 வெள்ளி 68 காசு. மணிக்கு நான்கு வெள்ளிகூட வரவில்லை. அந்த அறுபத்து நான்கு மணி நேரத்துக்குள்தான் அவன் தூக்கமும் படிப்பும் புறப்பாட நடவடிக்கையும் இருக்கின்றன.

பையன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "மொதலாளி ஆறுதான்னு சொன்னாரு" என்றான். எட்டு எழுபத்திரண்டு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. சம்பளச் சீட்டு இல்லை. சொக்சோ பதிவு இல்லை. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு தரும். பதினாறு வயதில் மோட்டார் உரிமம் எடுத்துவிட்டு, துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் நள்ளிரவை ஒட்டி வீடு திரும்பும் பிள்ளைக்கு அது எவ்வளவு முக்கியம் என்று பண்டமாரான்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை மணி நேரத்தில் வேலை படிப்பைத் தின்ன ஆரம்பிக்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்த அதே 1986-இல் அமெரிக்காவில் எலன் கிரீன்பெர்கர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் பதின்வயதினரின் வேலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். படிக்கும் காலத்தில் நீண்ட நேரம் வேலை செய்வது படிப்பில் நாட்டத்தைக் குறைக்கிறது என்பது அவர்கள் வாதம். பின்னர் மினசோட்டாவில் ஜெய்லன் மார்ட்டிமர் ஒரே மாணவர் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குள், விட்டுவிட்டு இல்லாமல் சீராக வேலை செய்தவர்கள் பின்னால் படிப்பிலும் நன்றாகவே வந்தார்கள் என்று கண்டார். இருபது மணி நேரம் என்ற எல்லை இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

இதில் ஒரு கவனம் வேண்டும். அதிக நேரம் வேலை செய்கிறவன் படிப்பில் பின்தங்குகிறான் என்றால், வேலை அவனைப் பின்தள்ளியிருக்கலாம்; ஏற்கெனவே படிப்பில் மனம் விட்டவன் வேலையில் போய் ஒளிந்திருக்கவும் கூடும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைப் பையனுக்குக் கடை ஒரு மரியாதையைத் தருகிறது. வகுப்பில் கடைசி வரிசையில் பெயரில்லாமல் இருந்தவனைக் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவனை வேலையிலிருந்து இழுத்தால் மட்டும் பள்ளி திரும்பக் கிடைத்துவிடாது. பள்ளியிலும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும். அது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை. அதை நாங்கள் எல்லாருக்கும் செய்யவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெற்றோர் கேட்பார்கள். மதிப்பெண்ணை எதிர்பார்த்து இருக்காதீர்கள். அது கடைசியில்தான் விழும். முதலில் விழுவது திங்கட்கிழமை. வாரக் கடைசியின் களைப்பில் திங்கள் வருகை அறுந்துபோகும். அடுத்தது முதல் இரண்டு பாடவேளை. வந்திருப்பான், விழித்திருக்க மாட்டான். பிறகு வீட்டுப்பாடம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பக்கத்து மாணவனின் பிழையும் அதே இடத்தில் இருக்கும். அப்புறம் வரலாறு. எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாய்மொழியோடு வரலாறும் தேற வேண்டும். கணக்கை வகுப்பிலேயே பிடித்துக்கொள்ளும் பையன்கள் உண்டு. வரலாற்றை வீட்டில் உட்கார்ந்து படிக்காமல் முடியாது. எனவே வீட்டில் நேரமில்லாதவனை வரலாறு முதலில் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று யார் கண்ணிலும் படாமல் போகும். புறப்பாட நடவடிக்கைகள் பள்ளி முடிந்த பிறகு மதியத்தில்தான் நடக்கின்றன. வேலைக்குப் போகிறவன் முதலில் விடுவது அதைத்தான். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் நூற்றுக்குப் பத்துப் புள்ளி அதற்கு உண்டு. ஒரு புள்ளிக்கும் அரைப் புள்ளிக்கும் இடம் தவறுகிற பிள்ளைகளைப் பார்த்தவன் நான். பத்துப் புள்ளியை மேசை துடைத்து யாரும் சம்பாதிக்க முடியாது.

சரியாக நடந்த கதையும் என்னிடம் உண்டு. என் வகுப்பில் ஒரு மாணவி கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், நம் லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். சனிக்கிழமை மட்டும். பள்ளி விடுமுறையில் வாரத்தில் ஐந்து நாள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. கடைகள் நடுராத்திரி வரை திறந்திருக்கும். முதலாளியம்மா கூடுதல் நேரம் நிற்கச் சொன்னபோது அவள் அம்மா நேரில் போய், "ஏழரைக்கு நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேங்க, அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளியம்மா ஒத்துக்கொண்டார், ஏனென்றால் பிள்ளை நன்றாக வேலை செய்தாள். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தது. சம்பளம் அதில் வந்தது. முதல் செமஸ்டருக்கான பயணச் செலவையும் படுக்கை விரிப்பையும் வாளியையும் அவள் அந்தக் காசில் வாங்கிக்கொண்டுதான் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். சேலை விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடும் பெண்களிடம் பேசிப் பழகியவளுக்கு நேர்முகத் தேர்வில் பயம் வரவில்லை என்று என்னிடம் சொன்னாள். 555 நோட்டு எனக்குத் தந்ததை அந்தத் துணிக்கடை அவளுக்குத் தந்தது.

இனி, எஸ்பிஎம் முடிந்த பிறகு வரும் மாதங்கள். கோவிட் காலத்தில் தள்ளிப்போயிருந்த தேர்வு மறுபடி ஆண்டிறுதிக்கு வந்துவிட்டது. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் வேலைக்குப் போவது எங்கள் காலத்திலும் வழக்கம், இன்றும் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் மெட்ரிகுலேஷனுக்கும் யுபியு வழியாக அரசாங்கக் கல்லூரிகளுக்கும் இணைய விண்ணப்பம் முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடுகிறது. முழு நேரமும் ஷிப்டில் நிற்கிற பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. கையில் மாதம் ஆயிரத்து எழுநூறு வரும்போது, படிப்பு முடித்து எப்போதோ வரப்போகும் சம்பளம் அதற்குப் பெரிதாகத் தெரியாது. 'ஒரு வருஷம் வேலை செஞ்சிட்டுப் படிக்கிறேன்' என்று சொன்னவர்களில் திரும்பி வந்தவர்களை நான் அரிதாகவே பார்த்தேன். மோட்டார் தவணை ஆரம்பித்துவிட்டால் அந்தத் தவணை முடியும் வரை வேலையை விட முடியாது. மோட்டார் முடிந்ததும் கார் வருகிறது.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வேலைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். சொந்தக் காசின் அருமை தெரியட்டும், முன்பின் தெரியாத மனிதரிடம் பேசப் பழகட்டும். ஆனால் முதல் நாளுக்கு முன்பே நீங்களே கடைக்குப் போய் முதலாளியைப் பாருங்கள். பள்ளி நாளில் வேலை வேண்டாம், வாரக் கடைசியில் மட்டும், எட்டு மணிக்குப் பிள்ளையை வீட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்று சொல்லுங்கள். மணிக்கு எவ்வளவு, சம்பளச் சீட்டு உண்டா, சொக்சோ உண்டா என்று கேளுங்கள். சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கோ சேமிப்புக்கோ போகட்டும். மிச்சத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள். எஸ்பிஎம் முடிந்ததும் விண்ணப்பத் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டுக் கஷ்டத்தால் பிள்ளையின் இரவுச் சம்பளம் இல்லாமல் முடியாது என்றால், அதை மறைக்காமல் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஏழை மாணவர்களுக்கான உதவிநிதி இருக்கிறது. கேட்காத பிள்ளைக்கு அது வராது.

கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிச் சீருடையைப் பையில் சுருட்டிக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிற பிள்ளை உங்களை நம்பி வருகிறது. அதற்குரிய கூலியைச் சட்டப்படி கொடுங்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் எட்டு மணிக்கு அதை வீட்டுக்கு அனுப்புங்கள். எட்டு மணிக்கு மேல் ஆள் தேவை என்றால் பெரியவர்களை வையுங்கள்.